மயில் வாகனப் பீடத்தில் தெரியும் எட்டு வட்டங்கள்

 

போன வாரம் மயில் வாகனத்தின் பீடத்தைச் சரி செய்து திரும்ப மண்டபத்தில் வைத்தோம். அதிலிருந்து பல பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. "பீடத்து மேல மூலைக்கு ரெண்டு ரெண்டா வட்டம் தெரியுதே, அது என்ன? ஸ்க்ரூ தலையை மூடி வச்சிருக்கீங்களா?" ஸ்க்ரூவும் இல்லை, இரும்பாணியும் இல்லை, பசையும் இல்லைங்க. அது மூங்கில் ஆணி. மொத்தம் எட்டு. அந்த எட்டு ஆணிதான் பீடத்தின் நாலு மூட்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கு. அது எப்படி இழுக்குது, ஏன் இப்படிச் செய்தோம் என்று விளக்கமாக எழுதச் சொல்லி நிர்வாகமும் கேட்டுக்கொண்டது. கொஞ்சம் நீளமான பதிவுதான். வாகனம் தூக்குறவங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிங்க.

முதலில் பீடம் எப்படி இருக்கு என்று சொல்கிறோம். ஐந்து அடி நீளத்தில் ரெண்டு செங்கால் கட்டை, ரெண்டும் மூன்று இன்ச்சுக்கு மூன்று இன்ச். அதை இணைக்க குறுக்கே ரெண்டு கட்டை, அதுவும் அதே கனம். குறுக்குக் கட்டையின் முனையை நாக்கு மாதிரி சீவி, நீளக் கட்டையில் வெட்டிய குழிக்குள் சொருகி இருப்பார்கள். நாக்குக்கு மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு நிற்கிற தட்டையான பாகத்துக்குத் தோள் என்று பெயர். அந்தத் தோள் நீளக் கட்டையின் முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் மூட்டு அசையாது. நாக்கு மட்டும் உள்ளே இருந்து தோள் விலகி நின்றால், தண்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நாக்கு குழிக்குள்ளே ஆடும். ஆட ஆட குழி பெரிதாகும்.

பழைய மூட்டில் அதுதான் நடந்திருந்தது. பசை போட்டு, பக்கவாட்டில் ரெண்டு இரும்பாணி அடித்த மூட்டு. நம்ம ஊர் மழை, ஈரக் காற்று, திருவிழா முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுறது எல்லாம் சேர்ந்து பசை விட்டுப்போச்சு. ஆணி துருப்பிடித்து, அதைச் சுற்றி இருந்த மரமும் கறுத்து மெலிந்து போயிருந்தது. தோளுக்கும் கட்டைக்கும் நடுவே 20 காசு நாணயம் தாராளமாக நுழைந்தது. மயிலும் உற்சவரும் அலங்காரமும் சேர்ந்த பாரத்தை நம்ம பிள்ளைகள் தோளில் சுமந்து தெருவில் திரும்புகிற நேரத்தில் ஒரு மூலை கழன்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குருக்களிடம் சொல்லி, பூஜை செய்து, மயிலைத் தனியாக இறக்கி வைத்த பிறகுதான் பீடத்தில் கை வைத்தோம்.

நீளக் கட்டை ரெண்டும் நல்லா இருந்தது. வெளிப்பக்கத்தில் தாமரை இதழ் செதுக்கி வர்ணம் பூசிய கட்டை அது. அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன குழிகளை மட்டும் செத்தினோம். குறுக்குக் கட்டை ரெண்டையும் புதுச் செங்காலில் செய்தோம்.

மூட்டை இறுக்கக் கிளாம்ப் போட்டால் போதாதா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. ரெண்டு காரணத்தால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிளாம்ப் பிடிக்க வேண்டிய இடமே தாமரை இதழ்தான். கட்டை வைத்துப் பிடித்தாலும், அந்த இறுக்கத்துக்கு இதழ் நசுங்கும். அடுத்தது, கிளாம்ப் இருக்கும் வரைக்கும்தான் இறுக்கம். அதைக் கழற்றிய பிறகு பிடித்து வைக்க வேண்டியது பசை. செங்கால் மாதிரி கெட்டியான மரத்தில் பசை ஆழமாக இறங்காது. அதற்கு மேல் தண்ணீரும் பட்டால், பத்து வருடம் கழித்து இதே கதைதான். போல்ட் போடலாமே என்றும் சிலர் சொன்னாங்க. மரம் காய்ந்து சுருங்கும்போது போல்ட் சுருங்காது. நட்டு தொளதொள என்று ஆகிவிடும். வருடா வருடம் யாராவது ஞாபகமாக இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்போது எங்களுக்கு வழி சொன்னவர் எழுபது வயது தாண்டின ஆசாரி ஐயா ஒருத்தர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஒரே வரி. "தம்பி, கிளாம்ப் வேண்டாம். ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடு, ஆணியே இழுத்துக்கும்."

அந்த "கொஞ்சம் தள்ளி" என்பதில்தான் எல்லாம் இருக்கு. நீளக் கட்டையில் மேலிருந்து கீழே ஒரு ஓட்டை போடுகிறோம். அது குழியைக் கடந்து போகும். நாக்கிலும் ஒரு ஓட்டை போடுகிறோம். ரெண்டு ஓட்டையும் நேருக்கு நேர் இருந்தால், ஆணி சும்மா உள்ளே போய் நிற்கும், எதையும் இழுக்காது. நாக்கில் உள்ள ஓட்டையை மட்டும் தோள் பக்கமாக ஒன்றரை மில்லி தள்ளிப் போட்டால் கதையே வேறு. முனை கூர்மையான ஆணி உள்ளே இறங்கும்போது நாக்கு ஓட்டையின் விளிம்பில் முட்டும். ஆணிக்கு வழி வேண்டுமானால் நாக்கு குழிக்குள் இன்னும் உள்ளே போயாக வேண்டும். நாக்கு உள்ளே போனால் தோள் வந்து கட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஆணி முழுசாக இறங்கிய பிறகும் அது கொஞ்சம் வளைந்தே நிற்கும். வளைந்த மூங்கில் நிமிரப் பார்க்கும் இல்லையா? அந்த விசை நாக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். மரம் பிறகு கொஞ்சம் சுருங்கினாலும் இழுப்பு தொடரும். கிளாம்பால் முடியாததும் இதுதான்.

இது நம்ம ஆசாரிமார்கள் மட்டும் அறிந்த வித்தை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் கைத்தொழில்களைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலிலும் இந்த வேலை வருகிறது. ஓட்டையை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன அளவு, ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனம்.

இனி நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறோம்.

நாக்கின் கனம் 25 மில்லி, அதாவது கட்டையில் மூன்றில் ஒரு பங்கு. நீளம் 55 மில்லி. குழியின் ஆழம் 58 மில்லி. அந்த மூன்று மில்லி வித்தியாசம் வேண்டுமென்றே விட்டது. நாக்கின் நுனி குழியின் அடியில் போய் முட்டிவிட்டால், எவ்வளவு அடித்தாலும் தோள் ஒட்டாது. ஆணிதான் உடையும்.

தோளை ரொம்ப கவனமாகச் சீவினோம். மேல் தோளும் கீழ்த் தோளும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். தோள் கோணலாக இருந்தால் ஆணி இழுக்கிற இழுப்பில் ஒரு ஓரம் ஒட்டும், இன்னொரு ஓரம் திறந்தே நிற்கும். ஆணிக்கு இழுக்கத்தான் தெரியும், கோணலைத் திருத்தத் தெரியாது.

பிறகு நீளக் கட்டையில் ஓட்டை. குழி உள்ள முகத்திலிருந்து 20 மில்லி தள்ளி, மூட்டுக்கு ரெண்டு, ஒன்றுக்கொன்று 40 மில்லி இடைவெளி. ஓட்டையின் அளவு 10 மில்லி. துளைக்கும்போது குழிக்குள் ஒரு துண்டுக் கட்டையைச் சொருகி வைத்தோம். இல்லாவிட்டால் டிரில் முனை குழிக்குள் வெளிவரும் இடத்தில் மரம் சிலும்பிவிடும். ஒருத்தர் துளைக்க, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் மூலைமட்டத்தோடு உட்கார்ந்து டிரில் நேராக நிற்கிறதா என்று பார்த்தார்கள்.

அடுத்தது குறி வைப்பது. துண்டுக் கட்டையை எடுத்துவிட்டு, நாக்கைக் குழிக்குள் கையால் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளி, தோளை ஒட்ட வைத்தோம். நடுவில் கூர் உள்ள அதே 10 மில்லி பிட்டை, மெஷினில் மாட்டாமல் கையாலேயே ஓட்டைக்குள் இறக்கி லேசாகத் தட்டினோம். நாக்கின் மேல் ஒரு புள்ளி விழுந்தது. நாக்கை வெளியே எடுத்தால் அந்தப் புள்ளி தோளிலிருந்து சரியாக 20 மில்லியில் இருந்தது. நாங்கள் துளைத்தது அந்தப் புள்ளியில் இல்லை. தோள் பக்கமாக ஒன்றரை மில்லி தள்ளி, 18.5 மில்லியில் புதுப் புள்ளி வைத்து அங்கே துளைத்தோம்.

எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் குழப்பம் வரவே கூடாது. தோள் பக்கம் தள்ளினால் மூட்டு இறுகும். நுனிப் பக்கம் தள்ளினால், அடிக்க அடிக்க ஆணி மூட்டைப் பிரித்துவிடும். அதனால் ஒருத்தர் புள்ளி வைத்ததும், இன்னொருத்தர் ஸ்கேலை வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 18.5 என்று கேட்ட பிறகுதான் டிரில் ஓடியது. எட்டு ஓட்டைக்கும் இப்படித்தான்.

ஒன்றரை மில்லி என்ற அளவையும் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. மீந்த செங்கால் துண்டில் மூன்று மாதிரி மூட்டு செய்து, ஒன்றில் 1 மில்லி, ஒன்றில் 1.5 மில்லி, ஒன்றில் 3 மில்லி தள்ளினோம். ஆணி அடித்த பிறகு மூன்றையும் நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தோம். 1 மில்லியில் ஆணி சுலபமாக இறங்கியது, ஆனால் இழுப்பு குறைவு. 1.5 மில்லியில் ஆணி லேசாக வளைந்து, ஓட்டையின் சுவரோடு இறுகி இருந்தது. நார் எதுவும் அறவில்லை. 3 மில்லியில் ஆணியின் நார் பாதி அறுந்திருந்தது. நாக்கின் நுனிப் பக்கம் மெல்லிசாக ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. மெதுவான மரத்தில் ஓட்டையின் விளிம்பு கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும், அதனால் கூடுதலாகத் தள்ளலாம். செங்கால் இடம் கொடுக்காது. முழுச் சுமையும் ஆணி மேலேயும் நாக்கு நுனி மேலேயும் விழும். எங்கள் நாக்கில் ஓட்டைக்கு அப்பால் 30 மில்லிக்கும் மேல் மரம் இருக்கு, அதாவது ஆணி கனத்தைப் போல மூன்று மடங்கு. அது குறைவாக இருந்தால் 1.5 மில்லிகூட நுனியைப் பிளந்துவிடலாம்.

ஆணி மூங்கிலில் செய்தோம். கடையில் விற்கிற உருண்டைக் குச்சி இதற்கு ஆகாது. அது வாளில் அறுத்துக் கடைந்தது, நார் குறுக்கே ஓடும், வளைந்தால் அந்த இடத்தில் முறிந்துவிடும். ஆணிக்கு எடுக்கும் கட்டையை அறுக்காமல் பிளக்க வேண்டும். பிளந்தால் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் வரும். செங்காலின் நார் பின்னி ஓடுவதால் நேராகப் பிளக்காது. மூங்கில் நேராகப் பிளக்கும், வளையும், முறியாது. பூலோ பெத்தோங் என்று சொல்கிற தடித்த மூங்கிலின் அடிப்பகுதியை எடுத்து, உள்பக்கத்து மெதுவான சதையைச் சீவித் தள்ளிவிட்டு, வெளிப்பக்கத்துக் கெட்டிப் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். எட்டுப் பட்டையாகச் சீவி, 10 மில்லி ஓட்டை போட்ட ஆறு மில்லி இரும்புத் தகட்டின் வழியாகச் சுத்தியலால் தட்டி இறக்கினால் ஒரே அளவில் உருண்டையாக வரும். ஒவ்வொன்றும் 120 மில்லி நீளம். முன்முனையை 30 மில்லி தூரத்துக்கு, 6 மில்லி கனமாகும் வரை கூர்மையாக்கினோம். ரெண்டு வாரம் மடப்பள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக் காய வைத்தோம். ஈர ஆணியை அடித்தால் இன்றைக்கு இறுக்கமாக இருக்கும். காய்ந்து மெலிந்ததும் கையாலேயே உருவலாம்.

அடுத்தது இரும்புப் பின். ஃபேக்டரி வேலை செய்கிறவர்களுக்கு டிரிஃப்ட் பின் தெரிந்திருக்கும். ரெண்டு தகட்டின் போல்ட் ஓட்டையை நேராக்க உள்ளே விடுகிற கூம்பு மாதிரி இரும்புக் குச்சி. இந்த மர வேலைக்கென்றே பிடி போட்ட அதே மாதிரிப் பின் வெளிநாட்டில் உண்டு. மூங்கில் ஆணி ஒரு தடவை இறங்கினால் திரும்ப எடுப்பது கஷ்டம். அதனால் முதலில் இரும்புப் பின்னால் ஒத்திகை பார்த்தோம். நாலு மூட்டையும் சேர்த்து, மூட்டுக்கு ஒரு பின்னை ஓட்டைக்குள் விட்டு, சுத்தியல் இல்லாமல் கையால் திருகிக்கொண்டே அழுத்தினோம். கண் முன்னாலேயே தோள் நகர்ந்து வந்து கட்டையில் ஒட்டியது. அப்போதே மூலைக்கு மூலை குறுக்காக அளந்தோம். ரெண்டு குறுக்களவும் ஒரு மில்லிக்குள் ஒத்துப்போனது. ஒத்துப்போகாவிட்டால் பின்னை உருவி, தோளைத் திருத்த இன்னும் நேரம் இருக்கு என்று அர்த்தம். இரும்புப் பின்னைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. இரும்பு வளையாது. மர ஓட்டைதான் முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் மூங்கில் ஆணிக்குப் பிடிப்பு இருக்காது.

ஒத்திகை முடிந்ததும் பின்னை உருவிவிட்டு மூங்கில் ஆணி. பீடத்தை ரெண்டு பலகை மேல் தூக்கி வைத்து, ஓட்டைக்குக் கீழே காலியாக விட்டோம், ஆணியின் கூர் முனை வெளியே வர வேண்டுமே. கொட்டாப்புளியால் மெதுவாக, ஒரு மூட்டில் உள்ள ரெண்டு ஆணியையும் மாற்றி மாற்றி அடித்தோம். சத்தத்தைக் கேட்டாலே தெரியும். முதலில் டொக் டொக் என்று மந்தமாக இருக்கும். தோள் ஒட்டியதும் சத்தம் கெட்டியாகி, கட்டை முழுக்க அதிரும். அடித்துக்கொண்டு இருக்கும்போதே சத்தம் திடீரென்று மந்தமாகி, ஆணி சுலபமாக இறங்கினால், உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது. அந்த ஆணியை எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். எங்களுக்கு எட்டும் ஒழுங்காக இறங்கியது. கூர் முனை முழுவதும் கீழே வெளிவந்த பிறகு, மேலயும் கீழயும் மிச்சத்தை அறுத்து இழைத்துவிட்டோம். நீங்கள் மேலே பார்க்கிற எட்டு வட்டம் அந்த அறுத்த முனைதான்.

கடைசியில் நாலு தோளிலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோம். 0.1 மில்லி தகடு ஒரு இடத்திலும் நுழையவில்லை. மயிலை ஏற்றி, தண்டு கட்டி, பிள்ளைகள் பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றி வந்து இறக்கிய பிறகு திரும்பவும் பார்த்தோம். அப்போதும் நுழையவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பசை போடாததற்கு முக்கியக் காரணம் பின்னால் வரப்போகிற தொண்டர்கள். ஓட்டை அடிவரை போவதால், கீழிருந்து ஒரு கம்பி வைத்துத் தட்டினால் ஆணி மேலே வந்துவிடும், வராவிட்டால் துளைத்து எடுக்கலாம். குறுக்குக் கட்டையை மாற்ற வேண்டி வந்தாலும் தாமரைக் கட்டையில் கை வைக்க வேண்டாம். புதுக் கட்டையில் நாக்கு சீவி, 20க்குப் பதில் 18.5 என்ற அதே கணக்கில் துளைத்து, புது ஆணி அடித்தால் போதும். இந்த அளவுகளை எழுதி பீடத்தின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

வாகனம் தூக்குகிறவர்களுக்கும் சுத்தம் செய்கிற பிள்ளைகளுக்கும் மூன்று வேண்டுகோள். பீடத்தின் மேல் பைப் வைத்துத் தண்ணீர் அடிக்காதீங்க, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அந்த வட்டங்கள் மேல் ஆணி, ஸ்க்ரூ எதுவும் அடிக்காதீங்க, அலங்காரத்துக்குக் கட்ட வேண்டுமானால் கயிறு போடுங்க. புதுக் குறுக்குக் கட்டை காய்ந்து அடங்கக் கொஞ்ச காலம் ஆகும். அதனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்தைய நாள், நாலு தோளிலும் ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைச் சொருகிப் பாருங்க. தாள் நுழைந்தால் வாகனத்தைத் தூக்காமல் உடனே ஆபீஸில் சொல்லுங்க. ஆசாரி ஐயாவும் நாங்களும் வந்து பார்க்கிறோம்.

வேலும் மயிலும் துணை.